‘பகா’வும் ‘அஹோ’வும்: பட்டியலில் ஒரு திருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்காகச் சென்ற இதழில் வந்த சொற்பட்டியல் நல்ல முயற்சி. ஆனால் ‘பகா’, ‘அஹோ’ இரண்டுக்கும் ‘முட்டாள்’ என்றும், ‘கிச்சிகாய்’ என்பதற்குப் ‘பைத்தியம்’ என்றும் போட்டு அப்படியே விட்டுவிட்டீர்கள். அகராதிப்படி தவறில்லை. பட்டியலை நம்பி ஒருவர் வாயைத் திறந்தால்தான் சிக்கல்.

கடைசிச் சொல்லிலிருந்து வருகிறேன், ஆபத்து அதில்தான் அதிகம். நாம் குழந்தையையும் தோழியையும் ‘போடி பைத்தியம்’ என்று கொஞ்சுவோம். அதே நினைப்பில் ‘கிச்சிகாய்’ என்று சொல்லிவிட முடியாது. மனநோயாளிகளின் குடும்பத்தினர் 1970-களில் இச்சொல்லை எதிர்த்தார்கள். அதன் பிறகு ஜப்பானியத் தொலைக்காட்சிகள் இதைத் தவிர்க்கின்றன. பழைய படங்களில் வந்தால் ஒலியை அடைத்துவிடுவதும் உண்டு. எவ்வளவு நெருங்கிய நண்பரிடமும் இது வேண்டாம். ‘அவன் கிரிக்கெட் பைத்தியம்’ என்பதற்கு ‘குரிக்கெட்டோ பகா’ என்பதே சரி. பேஸ்பாலே கதி என்று கிடப்பவரை ‘யாக்யூ பகா’ என்பார்கள். பிள்ளை எது செய்தாலும் பூரித்துப்போகும் பெற்றோருக்கு ‘ஓயா பகா’ என்று பெயர். இவற்றில் வசவைவிட வாஞ்சைதான் அதிகம்.

அதற்காகப் ‘பகா’ எங்கும் இனிக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. டோக்கியோ பக்கம் நண்பர்களுக்குள் அது சர்வசாதாரணம். ‘அஹோ’ என்றால்தான் சுருக்கென்று தைக்கும். ஒசாகா, கியோட்டோ இருக்கும் கன்சாய் பகுதியில் நிலைமை தலைகீழ். அங்கே நாள் முழுக்க ‘அஹோ’ புழங்கும், ‘பகா’ என்று சொன்னால் உண்மையிலேயே மட்டம் தட்டுகிறார்கள் என்று முகம் சுண்டிப்போகும். ஒசாகாவின் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று 1990-இல் ‘பகா’வும் ‘அஹோ’வும் பிரியும் எல்லையைத் தேடிப் புறப்பட்டது. டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் நடுவிலுள்ள நகோயா பக்கம், அதே பொருளில் ‘தவாகே’ என்று மூன்றாவதாக ஒரு சொல் குறுக்கிட, ‘தவாகே’ முடிந்து ‘அஹோ’ தொடங்கும் இடத்தை செகிகஹாரா என்ற ஊரில் கண்டார்கள். பிறகு நாடு முழுவதும் கடிதம் அனுப்பிக் கேட்டபோது, பழைய தலைநகரான கியோட்டோவைச் சுற்றி வசைச்சொற்கள் வளையம் வளையமாகப் பரவியிருப்பது தெரிந்தது. கிழக்கிலும் தொலைமேற்கிலும் ‘பகா’, நடுவில் ‘அஹோ’. ஓரங்களில் தங்கியதே பழைய சொல் என்பது அந்த ஆய்வின் முடிவு.

இனி நடைமுறை. உடன் வேலை பார்ப்பவர் மழை நாளில் குடையை ரயிலில் விட்டுவிட்டு வருகிறார். தமிழில் ‘லூசா நீ?’ என்போம். டோக்கியோவில் நெருங்கியவரிடம் ‘பகா தா நே’ என்று இறுதி ‘நே’யைச் சற்று இழுத்துச் சொல்லலாம், நம் ‘இல்ல?’ போல அது எதிராளியையும் சேர்த்துக்கொள்ளும். ஒசாகாவில் அதையே ‘அஹோ யா நா’ என்பார்கள். எங்கே இருந்தாலும் ‘பயல்’ என்று பொருள்படும் ‘யாரோ’ என்ற ஜப்பானியச் சொல்லைச் சேர்த்துப் ‘பகாயாரோ’ ஆக்கினால் அது சண்டைதான். 1953-இல் பிரதமர் யோஷிதா நாடாளுமன்றக் குழுவில் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரைப் பார்த்து அதை முணுமுணுத்தார். அந்த விவகாரம் முற்றி அடுத்த மாதமே கீழவை கலைக்கப்பட்டது. இன்றும் அதற்குப் ‘பகாயாரோ கலைப்பு’ என்றே பெயர்.

சொன்னது வேடிக்கையாகப் பட்டதா, புண்படுத்தியதா என்பதைப் பதிலில் கண்டுபிடிக்கலாம். ஒசாகாக்காரர் ‘என்னப்பா இது!’ என்ற பொருளில் ‘நான்தே யா நென்’ என்று சிரித்துத் திருப்பி அடித்தால் கவலையில்லை. அதுவரை சகஜமாகப் பேசியவர் திடீரென ‘தெசு’, ‘மாசு’ என்று மரியாதை விகுதிக்கு மாறினாலோ, ‘மன்னிக்கவும்’ என்ற பொருளில் ‘சுமிமாசென்’ என்று சுருக்கமாக முடித்துக்கொண்டாலோ மனம் நொந்துவிட்டது என்று பொருள். அவர் முதலில் உங்களிடம் சொல்லும்வரை நீங்கள் சொல்லாதிருப்பதே பாதுகாப்பு. வயதில் மூத்தவரிடமும் வாடிக்கையாளரிடமும் எந்நாளும் கூடாது.

மேலதிகாரி பலர் முன்னால் ‘பகா’ என்று திரும்பத் திரும்பத் திட்டினால் அதைப் பாசம் என்று பொறுத்துப்போக வேண்டியதில்லை. பணியிட அதிகாரத் துன்புறுத்தலைத் தடுக்கும் கடமை 2020 ஜூனில் பெரிய நிறுவனங்களுக்கும் 2022 ஏப்ரலில் சிறிய நிறுவனங்களுக்கும் சட்டப்படி வந்துவிட்டது. கடும் வசவும் அதில் அடங்கும். தேதி, இடம், சொன்ன சொல், உடனிருந்தவர் பெயர் ஆகியவற்றை அன்றன்றே குறித்து வைத்துக்கொண்டு நிறுவனத்தின் ஆலோசனைப் பிரிவை அணுகலாம்.

அடுத்த இதழில் இந்த மூன்று சொற்களுக்கும் எதிரே ஊரையும் உறவையும் சேர்த்துப் போடுங்கள். ‘கிச்சிகாய்’ என்பதற்கு எதிரே ‘கேட்டால் புரிந்துகொள்ள மட்டும், பேசக் கூடாது’ என்று தடித்த எழுத்தில் அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஜப்பானிய மொழி கற்பிக்கும் வாசகர்,
கோயம்புத்தூர்