சுற்றுலாப் பக்கத்தில் வசைச்சொற்கள் எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் வந்த தாய்லாந்துப் பயணக் கட்டுரை, அந்நாட்டு மக்களோடு நெருங்கிப் பழக முதலில் அவர்களுடைய கெட்ட வார்த்தைகளைக் கற்கச் சொல்லி, அவற்றைத் தனிக் கட்டமாகவும் தந்திருக்கிறது. பாங்காக்கில் சிலோம் மாரியம்மன் கோயிலுக்கு அருகில் நெடுங்காலமாக ரத்தினக்கல் வியாபாரம் செய்துவரும் எனக்கு அது மிகுந்த வேதனை தந்தது.

கட்டத்தில் முதலில் இருக்கும் 'கூ', 'முங்' என்பவை 'நான்', 'நீ' என்பதன் கொச்சை வடிவங்கள். பள்ளித் தோழர்கள் வயதான பிறகும் அப்படிப் பேசிக்கொள்வது உண்மைதான். ஆனால் அந்த உரிமை அவர்களுக்குள் மட்டுமே செல்லும். முன்பின் தெரியாத நம் ஊர்ப் பெரியவரை ஒருவர் 'டேய்' என்று கூப்பிட்டால் எப்படியோ, அப்படித்தான் மற்றவர் காதில் அது விழும்.

ஊரிலிருந்து வந்த என் உறவினர் மகன், விடுதிப் பையன்களிடம் இவற்றைக் கற்றுக்கொண்டு, சந்தையில் பழம் விற்கும், தன் தாயைவிட மூத்த பெண்மணியைச் சிரித்துக்கொண்டே 'முங்' என்றான். அவர் புன்னகைத்தார். அங்கே சங்கடத்தையும் புன்னகையால்தான் மறைப்பார்கள் என்பதை அறியாமல், அடுத்து 'ஹியா' என்றான். நீர் உடும்பின் பெயர் அது. அதையே கடும் வசையாகவும் வழங்குவதால், பலர் அந்தப் பிராணியைக்கூட 'வெள்ளி, தங்கம்' என்று மங்கலமாகவே குறிப்பிடுவார்கள். புன்னகை மறைந்தது, கட்டிய பழப் பையை அவர் திரும்ப எடுத்துக்கொண்டார், அடுத்த கடையிலிருந்து அவருடைய மகன் எழுந்து வந்தார். நான் கைகூப்பி 'கோ தோட்' என்று பலமுறை மன்னிப்புக் கேட்ட பிறகே அங்கிருந்து நகர முடிந்தது. நேருக்கு நேர் ஒருவரை இழிவுபடுத்தினால், தாய்லாந்துக் குற்றவியல் சட்டத்தின் 393ஆம் பிரிவின்படி ஒரு மாதம் வரை சிறையோ 10,000 பாட் வரை அபராதமோ விதிக்கலாம் என்பதைத் தங்கள் கட்டுரையாளர் விசாரித்திருக்க வேண்டாமா?

அந்தப் பையன் கெட்டவன் அல்லன். பிற்காலத்தில் கற்ற மொழியின் வசை நம் உடம்பைச் சுடுவதில்லை. துருக்கியரிடம் நடத்தி 2003இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பிற்காலத்தில் கற்ற ஆங்கிலத்தைவிடத் தாய்மொழியில் வசையும் கண்டிப்பும் கேட்டபோதே மனக்கிளர்ச்சியைக் காட்டும் அவர்களுடைய தோலின் மின்கடத்தல் அதிகம் கூடியது. சொல்பவனுக்கு வெறும் ஒலியாக இருப்பது, கேட்பவரைத் தைக்கிறது. அதனால் எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அவன் தன் மனத்தைக் கேட்டு அறிய வழியில்லை.

முன்பொருமுறை வணக்கம் சொல்ல ஆண் வாசகர்களையும் 'சவாத்தி கா' என்று சொல்லும்படி எழுதினீர்கள். 'கா' பெண்கள் சேர்க்கும் விகுதி. ஆண்கள் 'க்ரப்' என்றே முடிக்க வேண்டும். அப்போதே எழுதினேன், திருத்தமும் வரவில்லை, பதிலும் வரவில்லை. தாய்லாந்து என்றாலே கேளிக்கை என்று தலைப்பிட்டபோதும் பொறுத்துக்கொண்டோம்.

அடுத்த இதழில் அந்தக் கட்டத்துக்கு வருத்தம் தெரிவித்து, அதே அளவு இடத்தில் 'க்ரப்', 'கா', 'கோ தோட்' ஆகிய மூன்றையும் அச்சிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர், பாங்காக்