ஒரே சரக்கு, ஒரே தேதி, இரண்டு விலை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் முன்பேரச் சந்தைக் கட்டுரையில், ஃபியூச்சர்ஸ் விலையும் ஃபார்வர்டு விலையும் எப்போதும் ஒன்றுதான் என்று ஒரு வரி இருந்தது. வட்டி எப்படிப் போகும் என்பது முன்கூட்டியே தெரிந்தால் அது சரி. தெரியாதபோது, அதுவும் வட்டியும் சரக்கு விலையும் கைகோத்து நடக்கும்போது, சரியில்லை.

இரண்டுமே ஒரு சரக்கைப் பின்னொரு தேதியில் இன்றே பேசிய விலைக்கு வாங்க, விற்கப் போடும் ஒப்பந்தங்கள்தான். ஆனால் ஃபார்வர்டில் லாப நஷ்டம் முதிர்வு நாளில் ஒரே தடவை கைமாறும். ஃபியூச்சர்ஸில் தினமும் கணக்குத் தீர்த்துப் பணம் வரும், போகும். வந்த பணத்துக்கு வட்டி உண்டு; கட்டிய பணத்துக்கும் வட்டி உண்டு. விஷயம் இந்த வட்டியில்தான் இருக்கிறது.

ஒரு சரக்கை இரண்டு வருடம் கழித்து 1,000 ரூபாய்க்கு வாங்க ஒப்பந்தம் போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதல் வருட முடிவில் விலை 100 ரூபாய் ஏறலாம், இறங்கலாம். இரண்டுக்கும் சம வாய்ப்பு. அப்புறம் அசையாது. ஏறினால் வட்டி 10 சதவீதம், இறங்கினால் 6 சதவீதம். ஃபியூச்சர்ஸ் வாங்கியவருக்கு, ஏறினால் கையில் வந்த 100 ரூபாய் இரண்டாம் வருட முடிவில் 110 ஆகும். இறங்கினால் 100 ரூபாய் கடன் வாங்கிக் கட்டி, 106 திருப்புவார். ஃபார்வர்டு வாங்கியவருக்கு இரண்டு பக்கமும் வெறும் 100. ஆக, ஃபியூச்சர்ஸ்காரருக்குச் சராசரியாக 2 ரூபாய் சும்மா கிடைக்கிறது. சும்மா கிடைப்பதை யார் விடுவார்கள்? எல்லோரும் ஃபியூச்சர்ஸ் வாங்கப் போக, அதன் விலை ஃபார்வர்டுக்கு மேலே ஏறி நிற்கும். விலையும் வட்டியும் எதிரெதிராக நடந்தால் கீழே நிற்கும். எதிராளி பணம் தராமல் போய்விடுவான் என்ற பயம் இதில் எங்குமே வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பலர் அங்கேதான் குழம்புகிறார்கள்.

இது பெரிதாகத் தெரிந்த இடம், அமெரிக்காவுக்கு வெளியே உள்ள டாலர் டெபாசிட்டின் வட்டியை வைத்து 2023 வரை சிகாகோவில் நடந்த யூரோடாலர் ஃபியூச்சர்ஸ். அதன் விலை 100-இலிருந்து மூன்று மாத வட்டியைக் கழித்தது. வட்டி ஏறினால் விலை இறங்கும்; விற்றவர் கையில் பணம் சேருவது வட்டி உயர்ந்திருக்கும் நேரத்தில். வாங்கியவர் இதற்கு ஈடு கேட்பார். எனவே விலை தாழ்ந்து, அதில் தெரியும் வட்டி உண்மையான ஃபார்வர்டு வட்டியைவிட அதிகமாக நிற்கும். எளிய மாதிரி ஒன்றில் அந்த வித்தியாசம் ½σ²T₁T₂. இதில் σ வட்டியின் ஏற்ற இறக்கம்; T₁ ஒப்பந்தம் முடிய ஆகும் வருடங்கள்; T₂ அதோடு அந்த மூன்று மாதத்தையும் சேர்த்தது. குறுகிய கால வட்டியின் ஏற்ற இறக்கம் வருடத்துக்கு 1 சதவீதம் என்றால், ஒரு வருட ஒப்பந்தத்தில் அது ஒரு பேஸிஸ் பாயிண்ட்கூட, அதாவது 0.01 சதவீதம்கூட, இல்லை. 5 வருடத்தில் 13, 10 வருடத்தில் 51. காலம் இரட்டித்தால் வித்தியாசம் ஏறக்குறைய நான்கு மடங்கு. ஃபியூச்சர்ஸ் வட்டியை அப்படியே எடுத்து நிலையான வட்டியையும் மாறும் வட்டியையும் மாற்றிக்கொள்ளும் நீண்ட கால ஸ்வாப்புக்கு விலை சொன்னவர்கள் தப்பாகவே சொன்னார்கள்.

நம் ஊர் பங்கு ஃபியூச்சர்ஸுக்கு ஆயுள் மூன்று மாதம்தான். அங்கே இந்த வித்தியாசம் புரோக்கரேஜில் கரைந்துவிடும். கட்டுரையாளர் 'குறுகிய கால ஒப்பந்தங்களில்' என்று சேர்த்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

— கே.எஸ்., ஈரோடு