விலை ஏறிய காரணத்தை விற்ற எண்ணிக்கையிடம் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிக் கேன்டீனில் விலை மாறுவதைக் காட்டித் தேவையையும் அளிப்பையும் மாணவர்களுக்கு விளக்கிய ஓர் ஆசிரியரின் வகுப்பறை உரையைத் தங்கள் இதழின் மாணவர் பகுதியில் வாசித்தேன். பிள்ளைகள் நாள்தோறும் வரிசையில் நிற்கும் இடத்துக்கே பாடத்தைக் கொண்டுபோனது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் உரையின் தொடக்கத்தில் அவர் "தேவை கூடினால் விலை ஏறும்" என்கிறார். சற்றுத் தள்ளி, "விலை ஏறினால் தேவை குறையும்" என்கிறார். இரண்டையும் சேர்த்துப் படிக்கும் கூர்மையான மாணவி, ஏறிய விலை தேவையைக் குறைக்கும், குறைந்த தேவை விலையை இறக்கும், அப்படியானால் விலை எப்படித்தான் ஏறி நிற்கிறது என்று கேட்பாள். நான் பொருளியல் கற்பிப்பவன். இந்தக் கேள்வியை ஏறக்குறைய எல்லா ஆண்டும் எதிர்கொள்கிறேன். இதற்கு விடை சொல்லாமல் விட்டால் பாடம் பாதியிலேயே நின்றுவிடுகிறது என்பதால் இதை எழுதுகிறேன்.

குழப்பத்தின் வேர், "தேவை" என்ற ஒரே சொல்லை இரண்டு பொருளில் வழங்குவதில் இருக்கிறது. எந்தெந்த விலைக்கு எத்தனை வாங்குவார்கள் என்ற முழுப் பட்டியல்தான் தேவை. அந்தப் பட்டியலில் ஒரு குறிப்பிட்ட விலைக்கு நேரே நிற்கும் எண், தேவைப்படும் அளவு. விலை மாறும்போது நாம் பட்டியலுக்குள்ளேயே ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்கு நகர்கிறோம். பட்டியல் அப்படியேதான் இருக்கிறது. பசி, வானிலை, கையிருப்புக் காசு, வருவோர் எண்ணிக்கை போன்றவை மாறினால்தான் பட்டியலே மாறுகிறது.

என் வகுப்பில் இதை நான் சொல்வதற்கு முன்பே செய்து பார்த்துவிடுவோம். 40 மாணவர்களிடமும் ஆளுக்கொரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, கேன்டீனில் இடைவேளைக்கு விற்கும் ஒரு தின்பண்டத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு கொடுப்பீர்கள் என்று பெயர் போடாமல் எழுதச் சொன்னேன். சீட்டுகளை எண்ணியபோது, விலை 8 என்றால் 30 பேர், 10 என்றால் 24 பேர், 12 என்றால் 18 பேர் வாங்குவார்கள் என்று வந்தது. கேன்டீன் நடத்துபவரிடம் மாணவர்களே போய் மறுபக்கத்தைக் கேட்டு வந்தார்கள். 8 கிடைத்தால் 18, 10 கிடைத்தால் 24, 12 கிடைத்தால் 30 செய்து தர முடியும் என்றார் அவர். இந்தப் பட்டியல்தான் அளிப்பு. விலை கூடினால்தான் கூடுதலாகச் செய்வேன் என்பது பேராசை அன்று. முதல் 18-ஐ அவர் ஒருவரே வழக்கமான நேரத்தில் செய்துவிடுகிறார், அதற்கு மேல் விடியுமுன் எழ வேண்டும், உதவிக்கு ஆள் வைக்க வேண்டும், ஒவ்வொரு கூடுதல் தின்பண்டத்துக்கும் முன்னதைவிட அதிகம் செலவாகிறது. இரண்டு பட்டியல்களும் 10 என்ற விலையில் 24 என்று ஒத்துப்போகின்றன. அதுவே சமநிலை விலை.

இனி விளையாட்டுப் போட்டி நாளை எடுத்துக்கொண்டோம். அன்று பிள்ளைகளுக்குப் பசி மிகுதி, வெளியிலிருந்தும் மாணவர்கள் வருவார்கள். ஆகவே எந்த விலையிலும் 12 பேர் கூடுதலாக வாங்குவார்கள் என்று வைத்தோம். பழைய விலையான 10-இல் கேட்பவர்கள் 36, இருப்பதோ 24. 12 பேர் வெறுங்கையோடு திரும்புவார்கள். விலை 12-க்கு ஏறும்போது 6 பேர் வேண்டாம் என்று விலகுகிறார்கள், விற்பவர் 6 கூடுதலாகச் செய்கிறார், 30-உம் 30-உம் சந்திக்கின்றன. அந்த மாணவி கேட்ட கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. விலை ஏற்றம் 36-ஐ 30 ஆக்கியது, ஆனால் பழைய 24-க்கு இறக்கவில்லை. விலை ஏறினால் வாங்கும் அளவு குறையும் என்ற தேவை விதி, விலகிய அந்த 6 பேரிடம் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. பட்டியலே மேலே போய்விட்டதால் அது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பிறகு பட்டியல்களைப் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு, மூலப்பொருள் விலை கூடிவிட்டதாக வைத்தோம். கேன்டீன்காரரால் இப்போது ஒவ்வொரு விலையிலும் 12 குறைவாகத்தான் தர முடிகிறது: 10-க்கு 12, 12-க்கு 18. மாணவர் பட்டியலிலும் 12-க்கு நேரே 18 தான். ஆக, இம்முறையும் விலை 10-இலிருந்து 12-க்கு ஏறியிருக்கிறது.

கரும்பலகையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியபோது வகுப்பு அமைதியாகிவிட்டது. இரண்டிலும் ஒரே விலை ஏற்றம். ஒன்றில் 24 விற்ற இடத்தில் 30 விற்கிறது, மற்றதில் 18 விற்கிறது. விலையை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஏறிய விலையோடு விற்பனையும் ஏறியிருந்தால் முதன்மையாக மாறியது தேவை. விலை ஏறி விற்பனை இறங்கியிருந்தால் அளிப்பு. தங்கள் இதழில் வந்த உரையில் விலை ஏறியதாகச் சொல்லப்பட்டிருக்கிறதே தவிர, அன்று எத்தனை விற்றது என்று எங்கும் இல்லை. அந்த ஓர் எண் இருந்திருந்தால், "மாணவர்கள் அதிகம் கேட்டதால்தான் விலை ஏறியது" என்ற அவருடைய முடிவைச் சரிபார்த்திருக்கலாம்.

இந்த விளக்கத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் மாணவர்களிடம் மறைக்கக் கூடாது. பல பள்ளிகளில் கேன்டீன் விலையை நிர்வாகம் நிர்ணயிக்கிறது, விற்பவரும் ஒருவரே. அங்கே தட்டுப்பாடு விலையில் தெரியாது; வரிசை நீளும், மணி அடிக்கும் முன்பே பொருள் தீர்ந்துவிடும், சில வேளை தின்பண்டத்தின் அளவு சுருங்கும். "விலை அப்படியேதான் இருக்கிறது சார், பண்டம்தான் சின்னதாகிவிட்டது" என்று என் மாணவன் ஒருவன் சொன்னான். அது விலை ஏற்றமேதான் என்று அவனுக்கு நான் விளக்கவே தேவைப்படவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த உரையில் "தேவை என்றால் மாணவர்களின் பசி" என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. என் வகுப்புச் சீட்டுகளில் ஒன்றில் 0 என்று எழுதியிருந்தது. பிடிக்காத பண்டம் போலும் என்று நினைத்தேன். வகுப்பு முடிந்ததும் எழுதிய பையனே வந்து, பிடிக்கும், பசிக்கும், ஆனால் காசு கொண்டுவருவதில்லை என்றான். பொருளியலில் தேவை என்பது விருப்பத்தோடு வாங்கும் சக்தியும் கொடுக்கும் மனமும் சேர்ந்தது. பட்டியலின் எந்த வரியிலும் அந்தப் பையன் இல்லை. பேச்சுத் தமிழில் தேவை என்பது அவனுடைய பசியைத்தான் குறிக்கும் என்பதால், நம் மாணவர்கள் இந்த இடத்தில் எளிதாக ஏமாறுவார்கள். அந்த ஒரு வாக்கியத்தை மட்டுமாவது அடுத்த இதழில் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பொருளியல் ஆசிரியர் ஒருவர்