‘கி’யை விழுங்கினால் ஸ்விங்: முரளிக்கு ஒரு கடிதம்

ஆதம்பாக்கம், சென்னை

அன்புள்ள முரளி,

உன் கடிதமும், பையன்கள் வாசித்த பதிவும் வந்து சேர்ந்தன. இங்கே மழை விட்டு, சபாக்களில் சீசன் பட்டியல் ஒட்ட ஆரம்பித்துவிட்டார்கள். வீடு மாற்றிய கதையை நேரில் சொல்கிறேன். நீ கேட்ட கேள்வி அதைவிட முக்கியம்: “எல்லாரும் திஸ்ரத்தில் சரியாகத்தான் வாசிக்கிறார்கள், ஆனால் ஜாஸ் மாதிரி இல்லை, குதிரை ஓடுகிற மாதிரி இருக்கிறது, ஏன்?”

குதிரை என்று நீ சொன்னது மிகச் சரி. பதிவைக் கம்ப்யூட்டரில் போட்டு அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வேகம் நிமிடத்துக்கு 120 தட்டு, அதாவது ஒரு தட்டுக்கு 500 மில்லிசெகண்ட். காகிதத்தில் இருப்பவை சாதாரண எய்த் நோட்டுகள், தட்டுக்கு இரண்டு. எழுதியபடியே வாசித்தால் 250, 250 என்று வரும். அது ‘ஸ்ட்ரெய்ட்’. தட்டை மூன்றாகப் பிரித்து முதல் நோட்டுக்கு இரண்டு பங்கு, இரண்டாவதுக்கு ஒரு பங்கு கொடுத்தால் ஏறக்குறைய 333, 167. ஜாஸின் ஆட்டமான நடைக்குப் பெயர் ஸ்விங், பாடப்புத்தகத்து ஸ்விங் அதுதான். கீபோர்டு வாசிக்கிற பையன் கொடுத்திருப்பது 375, 125. மூன்று பங்கும் ஒரு பங்கும். அது தகிட இல்லை முரளி, தகதிமியில் முதல் மூன்றைச் சேர்த்துப் பிடித்துக் கடைசி ‘மி’யை மட்டும் தட்டுவது. மூன்றின் திஸ்ரம் என்று நினைத்துக்கொண்டு நான்கின் சதுஸ்ரத்தில் நிற்கிறான். அந்தச் சிறிய நோட்டைச் சட்டென்று வெட்டியும் விடுகிறான். அதனால்தான் குளம்புச் சத்தம்.

முதலில் வாயால் சரி செய்யலாம். அதில் உன் பிள்ளைகளுக்கு இருக்கிற வசதி வேறு யாருக்கும் இல்லை. கையால் தட்டுப் போட்டுக்கொண்டு தட்டுக்கு ஒரு தகிட சொல்லச் சொல். மூன்றும் சம அளவில் இருக்க வேண்டும். நாலு ஆவர்த்தனம் போனதும் ‘கி’யை வாய்க்குள் விழுங்கச் சொல்: த·ட, த·ட, த·ட. புள்ளி இருக்கும் இடத்தில் ‘கி’ மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், கார்வையை எண்ணுகிற மாதிரி. அது நின்றுபோனால் ‘ட’ தானாகப் பின்னுக்கு நகர்ந்து 375க்குப் போய்விடும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. அவன் த·ட சொல்லும்போது நீ பக்கத்தில் முழுத் தகிட சொல். உன் ‘ட’வும் அவன் ‘ட’வும் ஒட்டிக்கொள்ள வேண்டும். அவனுடையது உன்னுடையதற்குப் பிறகு விழுந்தால் இன்னும் தகதிமியில்தான் இருக்கிறான்.

டிரம்மர் விடாமல் தட்டும் ரைடு சிம்பலில் வரும் அந்த அடிப்படை அடியையும் சொல்லாகவே எழுதிவிடலாம். நாலு தட்டு, பன்னிரண்டு மாத்திரை:

த · · | த · ட | த · · | த · ட

இரண்டாம், நான்காம் தட்டில் ஹை-ஹாட் என்ற ஜோடிச் சிம்பலைக் காலால் மூட வேண்டும். உன் டிரம்ஸ் பையன் இதை நன்றாகவே செய்கிறான். ஒன்று கவனித்தாயா? அவனுடைய சிம்பலிலும் 375, 125தான் வருகிறது, ஆனால் அவனிடம் அது உறுத்தவில்லை. இதற்குக் காரணம் இருக்கிறது. ஃப்ரீபெர்க், சுண்ட்ஸ்ட்ரோம் என்ற இரண்டு ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2002ல் ஜாஸ் பதிவுகளை அளந்து எழுதினார்கள். மெதுவான வேகத்தில் டிரம்மரின் விகிதம் மூன்றுக்கு ஒன்றையும் தாண்டி 3.5 வரை போகிறது. வேகம் கூடக்கூட அது குறைந்து, மிக வேகமான பாட்டில் ஏறக்குறைய சமமாகிவிடுகிறது. நடுத்தர வேகத்துக்கு மேலே அந்தச் சின்ன நோட்டின் நீளம் சுமார் 100 மில்லிசெகண்டில் நின்றுவிடுகிறது. அதைவிடச் சிறிதாக அடிப்பது அரிது.

இதை வைத்து நீயே கணக்குப் போட்டுப் பார். வேகம் 200 என்றால் தட்டு 300 மில்லிசெகண்ட். சின்னது 100, மீதி 200. இரண்டுக்கு ஒன்று. உன் தகிட அச்சாகப் பொருந்துவது இந்த வட்டாரத்தில்தான். 240 என்றால் தட்டு 250, அதில் 150க்கு 100, ஒன்றரைக்கு ஒன்று. 300 என்றால் 100க்கு 100, ஸ்ட்ரெய்ட்டே ஆகிவிட்டது. ஆகவே தகிடவைக் கற்றுக்கொடு, ஆனால் அதையே எல்லா வேகத்துக்கும் சட்டமாக்கிவிடாதே. 200க்கு மேலே போனதும் வாயால் சொல்வதை நிறுத்திவிடச் சொல். அங்கேயும் தகிட சொல்லிக்கொண்டே வாசித்தால் கை இறுகிப் பாட்டு இழுபடும். மிருதங்கக்காரர்களுக்கு இது கசக்கும், நமக்கு நடை என்றால் எந்தக் காலத்திலும் கணக்கு மாறாது. இங்கே காலம் ஏற ஏறக் கணக்கு தளர்கிறது. அது தவறு இல்லை, இந்த இசையின் இயல்பே அது.

சரி, டிரம்மரிடம் மூன்றுக்கு ஒன்று நன்றாக இருக்கும்போது கீபோர்டில் ஏன் கெட்டது? மெட்டு வாசிக்கிறவர்களின் விகிதம் டிரம்மருடையதைவிடக் குறைவாக இருக்கும் என்பதும் அதே அளவீட்டில் தெரிந்தது. டிரம்மரும் தனி வாசிப்பவரும் ‘ட’வில் சந்திக்கிறார்கள். ‘த’வில் மட்டும் தனி வாசிப்பவர் சற்றுப் பிந்தி விழுகிறார். 200 வேகத்தில் பார்ப்போம். சிம்பலின் ‘த’ 0 மில்லிசெகண்டில், ‘ட’ 200ல். சாக்ஸஃபோன்காரர் ‘ட’வை அதே 200ல் ஊதுகிறார், ஆனால் அவருடைய ‘த’ 30ல் விழுகிறது, அடுத்த ‘த’ 330ல். அவருடைய நோட்டுகளின் நீளம் 170, 130. கிட்டத்தட்ட 1.3க்கு ஒன்று, பாதி ஸ்ட்ரெய்ட். 30 என்பது கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண், ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் வடிவம் இதுதான். இரண்டு பேரும் வேறு வேறு விகிதத்தில் இருந்தும் உதறாமல் இருப்பதற்கு அந்த ‘ட’தான் ஆணி. எனக்கு இந்த இசையிலேயே மிகவும் பிடித்த இடம் இது. நம் கச்சேரியில் எல்லாரும் சமத்தில் வந்து சேர்வார்கள், இங்கே சேர்கிற இடம் தட்டுக்கு வெளியே இருக்கிறது.

அதனால் கீபோர்டு பையனிடம் “தட்டில் சரியாக விழு” என்று அழுத்திச் சொல்லாதே. “சிம்பலின் ‘ட’வைக் கேட்டு அதோடு ஒட்டு” என்று சொல்.

அடுத்தது அழுத்தமும் ஒட்டலும். இதைச் சரி செய்யாமல் விகிதத்தை மட்டும் திருத்தினால் தொட்டில் ஆட்டுகிற மாதிரி இருக்கும். திஸ்ரம் வாசித்துப் பழகிய கைக்கு ‘த’வில் கனம் வைப்பது பழக்கம். இங்கே கனம் ‘ட’வில், அதுவும் அடுத்த ‘த’வை நோக்கிச் சாய்ந்தபடி. சங்கராபரண ஆரோகணத்தை எடுத்துக்கொள்: ச·ரி | க·ம | ப·த | நி·ச. சொல்லும்போது ஜோடி ‘சரி, கம’ என்று விழக்கூடாது. ‘ச’ தனியாக நிற்கட்டும், பிறகு ‘ரிக’, ‘மப’, ‘தநி’ என்று கோடு தாண்டி ஒட்டட்டும். ஊதுகிறவர்கள் நாக்கை ‘ரி’யில் தட்டி, ‘க’வுக்கு நாக்கு இல்லாமல் வழுக்கிக்கொண்டு போவார்கள். கீபோர்டில் ‘க’ விரல் இறங்கும் வரை ‘ரி’ விரல் எழும்பக் கூடாது. உன் பையன் ‘ரி’யைக் கால்வாசியிலேயே விட்டுவிடுகிறான், குளம்புச் சத்தத்தில் பாதி அங்கேதான் பிறக்கிறது. இந்த ஒட்டலை 80 வேகத்தில் பழகட்டும். வேகமாக வாசித்தால் இடைவெளி காதுக்குத் தெரியாது, ஆனால் தவறு அப்படியே இருக்கும்.

மெட்ரோனோமை 120ல் வைக்காமல் 60ல் வைத்து, அந்தச் சத்தத்தை இரண்டாம், நான்காம் தட்டாகக் கேட்கச் சொல். ஆதி தாளத்தில் வளர்ந்தவர்களுக்கு முதல் தடவை அது எப்போதும் ‘ஒன்று’ என்றே கேட்கும். சத்தம் வரும்போது “ரெண்டு” என்று சொல்லி, அடுத்த சத்தத்துக்கு “நாலு” என்று சொல்லி, பிறகு நடுவில் மூன்றையும் ஒன்றையும் நிரப்பட்டும். வாசிக்கும்போது சத்தம் ஒன்றாம் தட்டுக்கு நழுவிவிட்டால் நிறுத்திவிட்டு மறுபடி எண்ண வேண்டும், சமாளித்துக்கொண்டு போகக் கூடாது.

பின்னணியைக் கம்ப்யூட்டரில் செய்கிற பெண் ஸ்விங்கை எல்லாவற்றுக்கும் 66 சதவீதத்தில் வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். அது தட்டில் முதல் நோட்டின் பங்கு: 50 என்றால் ஸ்ட்ரெய்ட், 66 என்றால் தகிட. சிம்பலை 66லேயே விடலாம். பியானோ, மெட்டு வரிகளை 60க்கு இறக்கிக் கேட்கட்டும், 120 வேகத்தில் அது 300க்கு 200. ஆனால் அப்படி இறக்கினால் அவற்றின் ‘ட’ 30 மில்லிசெகண்ட் முன்னால் வந்து சிம்பலோடு இடிக்கும். அந்த டிராக்கை முழுவதும் 30 மில்லிசெகண்ட் பின்னால் நகர்த்தினால் ‘ட’க்கள் சேர்ந்துகொள்ளும், ‘த’ மட்டும் பிந்தும். மேலே சொன்ன சாக்ஸஃபோன் கணக்கேதான்.

பாஸ் வரியைத் தொட வேண்டாம். நாலு தட்டும் நாலு நோட்டு, அவ்வளவுதான். கௌண்ட் பேஸியின் ஜாஸ் குழுவில் ஃப்ரெடி கிரீன் 1937லிருந்து கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் கிட்டாரில் தட்டுக்கு ஒரு கார்டு மட்டுமே வாசித்தார், திஸ்ரமே இல்லாமல். ஸ்விங் அவரிடம் கொஞ்சமும் குறையவில்லை.

காகிதத்தைப் பற்றி ஒன்று. மேலே ‘ஸ்விங்’ என்று போட்டிருந்தாலோ, இரண்டு எய்த் நோட்டுக்குச் சமம் என்று போட்டு மூன்று என்ற எண்ணின் கீழ் ஒரு கால் நோட்டும் ஒரு எய்த் நோட்டும் வரைந்திருந்தாலோ எல்லாவற்றையும் த·ட என்று படிக்க வேண்டும். பழைய பிரதிகளில் புள்ளி வைத்த எய்த் நோட்டும் அதோடு பதினாறில் ஒரு நோட்டும் எழுதியிருக்கும். அதை எழுத்துக்கு எழுத்து வாசித்தால் மறுபடியும் 375, 125. உன் பையன் கையில் இருப்பது அந்தப் பிரதிதானா என்று பார். அவர்களுடைய இரண்டாவது பாட்டு பிரேசில் பாணியான போஸா நோவா, அதற்கு இது எதுவும் பொருந்தாது, ஸ்ட்ரெய்ட்டாகவே இருக்கட்டும்.

இரண்டு வாரம் கழித்து அதே பாட்டை மறுபடி பதிவு செய்து அனுப்பு. சிம்பலுக்கு ஒரு மைக், கீபோர்டு தனி லைனில். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால்தான் ‘ட’ எங்கே சேர்கிறது என்று அளக்க முடியும்.

அன்புடன்,
சேகர்