தொடர்கதையின் முடிவை மாற்றும்போது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

தங்கள் இதழில் நிறைவுபெற்ற தொடர்கதையின் முடிவு, வாசகர் கடிதங்களுக்கு இணங்க, நூலாக வரும்போது மாற்றி எழுதப்படும் என்ற அறிவிப்பைப் படித்தேன். தொடர்களை நூலுக்காகச் செம்மைப்படுத்தும் வேலையில் இருப்பவன் என்பதால் இதை எழுதுகிறேன். முடிவை மாற்றுவது எழுத்தாளருக்கு இழுக்கு என்று நான் நினைக்கவில்லை. ஆனால் கடைசி அத்தியாயத்தை மட்டும் எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தால் முன்னால் உள்ள அத்தனை அத்தியாயங்களும் பொய்யாகிப் போகும்.

முதலில் கடிதங்களைப் படிக்கும் விதம். வாசகர் கேட்கும் மாற்றமும், அவரை உறுத்திய இடமும் பெரும்பாலும் வேறு வேறு. "அவள் செத்திருக்கக் கூடாது" என்று எழுதுபவருக்கு மரணமே பிடிக்கவில்லை என்று நாம் முடிவுகட்டி விடுகிறோம். அந்த மரணத்துக்குக் கதையில் போதிய காரணம் இல்லை என்பதே அவருடைய குறையாக இருக்கலாம். அப்படியானால் பழுது கடைசி அத்தியாயத்தில் இல்லை, நாலைந்து அத்தியாயம் முன்னால் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு கடிதத்திலும், எந்தக் காட்சியைப் பற்றி வாசகர் கோபமாகப் பேசுகிறார் என்று குறித்துக்கொள்ள வேண்டும். அவர் சொல்லும் தீர்வை இரண்டாவதாக வைத்துக்கொண்டால் போதும்.

அடுத்தது, கதை என்னென்ன வாக்குக் கொடுத்திருக்கிறது என்று எழுதிப் பார்ப்பது. இதை ஒரு மாதிரிக் கதையை வைத்துச் சொன்னால்தான் விளங்கும். 24 அத்தியாயத் தொடர் ஒன்று. தம்பியின் கையெழுத்தைத் தானே போட்டு நிலத்தை எழுதிக்கொண்ட ஒருவர், முதல் அத்தியாயத்தில் அந்தப் பத்திரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறார். நான்காம் அத்தியாயத்தில் மகள் அதைப் பார்த்துவிடுகிறாள். பத்தாம் அத்தியாயத்தில், யாருக்காகவும் பொய் சொல்ல மாட்டேன் என்று அவள் அம்மாவிடம் சொல்கிறாள். 22-இல் பத்திரத்தைச் சித்தப்பாவின் வக்கீலிடம் ஒப்படைக்கிறாள், 24-இல் சாட்சி சொல்கிறாள். அப்பா அவள் முகத்தைப் பார்க்காமலே சிறைக்குப் போகிறார். அப்பாவும் மகளும் இப்படிப் பிரியக் கூடாது என்று கடிதங்கள் வந்து குவிகின்றன.

இந்தக் கதை கொடுத்த வாக்குகள் மூன்று. பெட்டியில் பூட்டியது ஒருநாள் வெளியே வரும். மகள் பொய் சொல்ல மாட்டாள். செய்தவர் அதற்கான விலையைக் கொடுப்பார். மகள்தான் காட்டிக்கொடுப்பாள் என்றோ, இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் பிரிவார்கள் என்றோ கதை எங்கேயும் சொல்லவில்லை. பழைய முடிவு அப்படி இருந்தது, அவ்வளவுதான். மாற்றத்துக்கான இடம் இங்கேதான் இருக்கிறது.

எளிதாகத் தோன்றும் வழிகள் இரண்டு, இரண்டுமே தவறு. கடைசி நேரத்தில் சித்தப்பா மனமிரங்கி வழக்கை விட்டுவிட்டால் அப்பா விலை கொடுக்காமல் தப்பிக்கிறார். அந்தக் கையெழுத்து உண்மையானதுதான் என்று தெரியவந்தால் அது இன்னும் மோசம். முதல் அத்தியாயத்தில் அவர் அந்தப் பத்திரத்தை அவ்வளவு பயத்தோடு பூட்டியதற்கு அப்புறம் அர்த்தமே இல்லை.

அச்சாகிவிட்ட அத்தியாயங்களில் பயன்படாமல் கிடக்கும் ஒரு காட்சியைத் தேட வேண்டும். இந்தக் கதையில் ஏழாம் அத்தியாயத்தில், அப்பா ஓர் இரவு தம்பி வீட்டு வாசல்வரை போய், கதவைத் தட்டாமல் திரும்புகிறார். பழைய முடிவில் அது வெறும் கோழைத்தனம். அப்பாவே நீதிமன்றத்தில் எழுந்து ஒப்புக்கொள்ளும் புதிய முடிவில், அதே காட்சி அவர் உண்மையைச் சொல்ல எடுத்த முதல் முயற்சியாகிவிடுகிறது. ஏழாம் அத்தியாயத்தில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை. சாட்சிக்கு முந்தின இரவு "நாளைக்கு என்ன சொல்லப்போறே?" என்று அப்பா கேட்கிறார், "நடந்ததை" என்கிறாள் மகள். மறுநாள் அவள் பெயரைக் கூப்பிடும் முன்பே அவர் எழுந்துவிடுகிறார். பத்திரம் வெளியே வருகிறது, மகள் பொய் சொல்லவில்லை, அவர் சிறைக்கும் போகிறார். வாசகர்கள் கேட்டபடி அப்பாவும் மகளும் பேசிக்கொண்டும் ஆயிற்று.

ஆனால் 22-ஆம் அத்தியாயத்தில் மகள் பத்திரத்தை ஒப்படைத்துவிட்டாளே! அதை விட்டுவைத்தால் அப்பாவின் ஒப்புதல், வேறு வழியில்லாதவரின் ஒப்புதல் ஆகிவிடும். ஆகவே இரண்டு முடிவுகளுக்கும் வழி திறந்திருக்கும் கடைசி இடம் 21-இன் இறுதி. திருத்தம் அங்கிருந்து தொடங்க வேண்டும், எழுத வேண்டியவை மூன்று அத்தியாயங்கள். அந்த இடத்தைத் தேடாமல் 24-ஐ மட்டும் திருத்துவதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. அதை மறைக்கப் பாத்திரங்கள் திடீரென்று நீளநீளமாகத் தங்கள் மனமாற்றத்தை விளக்கத் தொடங்குவார்கள். அப்படி ஒரு விளக்கவுரை எழுத நேர்ந்தால், திருத்தத்தைத் தாமதமாகத் தொடங்கியிருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளலாம்.

அச்சான பகுதியைத் தொடாமலே முடிவை மாற்றியதற்குப் புகழ்பெற்ற சான்று சார்லஸ் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்'. 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்ட் வரை வாரத் தொடராக வந்த நாவல் அது. அவர் எழுதிய முதல் முடிவில், கதாநாயகன் பிப் சிறுவயது முதல் காதலித்த எஸ்டெல்லா, தன் கொடுமைக்காரக் கணவன் இறந்தபின் ஒரு மருத்துவரை மணந்திருப்பாள். பிப் அவளை லண்டன் தெருவில் சற்று நேரம் சந்தித்துப் பிரிவான். அச்சுப்படியைப் படித்த நண்பரும் நாவலாசிரியருமான எட்வர்ட் புல்வர் லிட்டன் மாற்றும்படி வற்புறுத்தினார். கேட்டது பொதுவாசகர் அல்ல, நண்பர். ஆனாலும் சிக்கல் அதேதான், ஏனென்றால் முந்தைய பகுதிகளில் பெரும்பாலானவை அதற்குள் வாசகர் கைக்குப் போய்விட்டன. டிக்கன்ஸ் இரண்டாம் திருமணத்தை நீக்கி, சந்திப்பை, எஸ்டெல்லா வளர்ந்த, இடிந்துபோன பழைய வீட்டின் தோட்டத்துக்கு மாற்றினார், இருவரும் இனிப் பிரியாமல் இருக்கலாம் என்ற நம்பிக்கையோடு முடித்தார். துன்பம் எஸ்டெல்லாவுக்குப் பிப்பின் மனத்தைப் புரியவைத்தது என்ற கருத்தை மட்டும் அவர் கைவிடவில்லை. முதல் முடிவில் அதைப் பிப் உணர்ந்து சொல்கிறான், புதிய முடிவில் எஸ்டெல்லாவே வாய்விட்டுச் சொல்கிறாள். இதயமில்லாதவளாக வளர்க்கப்பட்ட பெண்ணைப் பற்றி நாவல் ஆரம்பத்தில் எழுப்பிய கேள்விக்கு இரண்டிலும் விடை ஒன்றே.

நூலாக்கத்தில் முன்பகுதியையும் திருத்தலாம் என்ற வசதி உண்டு. அதை மிகச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டும் என்பது என் கருத்து. புதிய முடிவுக்கு ஆதரவாக முன்னால் நாலு குறிப்புகளைச் செருகுவதைவிட, பழைய முடிவை நோக்கிக் கைகாட்டும் குறிப்புகளை எடுப்பதே அவசரமான வேலை. கெட்ட கனவு, சோசியர் வாக்கு, அத்தியாயத் தலைப்பு, சில சமயம் நூலின் தலைப்பே கூட இப்படி மிச்சமாக நின்றுவிடும். திருத்தியபின், தொடரைப் படித்திராத ஒருவரிடம் முழுப்பிரதியைக் கொடுத்து, எங்கே சட்டென்று திரும்பியது போல இருந்தது என்று மட்டும் கேளுங்கள். பிடித்ததா என்று கேட்டால் உபயோகமான பதில் கிடைக்காது.

முடிவே வாக்காக இருக்கும் கதைகளும் உண்டு. முதல் வரியிலேயே நாயகன் இறந்துவிட்டதாகச் சொல்லித் தொடங்கிய கதையில் அவனைப் பிழைக்க வைக்க முடியாது. அவன் எப்படி, யாருக்காக இறந்தான், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதை மாற்றலாம். அதுவும் வாசகருக்குப் போதவில்லை என்றால் கதையை அப்படியே விட்டுவிடுவதே மேல்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். டிக்கன்ஸ் நாவலின் பல பதிப்புகளில் முதல் முடிவைப் பின்னிணைப்பாகச் சேர்த்திருக்கிறார்கள். தங்கள் நூலிலும் இதழில் வந்த முடிவைக் கடைசியில் அச்சிட்டு, எந்த அத்தியாயத்திலிருந்து மாற்றம் தொடங்குகிறது என்று அரைப்பக்கக் குறிப்பு ஒன்றும் கொடுங்கள். வாராவாரம் படித்தவர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு அது உதவும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகன்