பொருள்: உங்கள் குழுக் கணக்கு ஆப் வட்டியைத் தப்பாகப் பிரிப்பது பற்றி (ஐந்தாவது புகார்)

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் திருவையாறு வட்டத்தில் ஒரு மகளிர் சுய உதவிக் குழுவின் பொருளாளர். மூன்று முறை போனில் சொல்லியாகிவிட்டது, ஒருமுறை நேரிலும் வந்தாகிவிட்டது. இனி எழுத்தில்தான் பேசுவேன்.

ஆண்டு முடிவுப் பக்கத்தில் ஒரு பச்சைப் பட்டன் வைத்திருக்கிறீர்களே, அதுதான் எங்கள் தலைவலி. அது என்ன செய்கிறது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மார்ச் 31 அன்று யார் பெயரில் எவ்வளவு சேமிப்பு நிற்கிறது என்று மட்டும் பார்த்து வட்டியைப் பிரித்துவிடுகிறது. பணம் எத்தனை மாதம் குழுவில் கிடந்தது என்று பார்ப்பதே இல்லை.

போன ஏப்ரலில்தான் குழுவைத் தொடங்கினோம். 12 பேர், ஆளுக்கு மாதம் 400 ரூபாய். 11 பேர் ஒரு மாதம் தவறாமல் கட்டினார்கள். ஒரு தங்கச்சி திருப்பூர் கம்பெனிக்குப் போய்விட்டாள். பிப்ரவரி கூட்டத்தில் 4,400 ரூபாயை மொத்தமாகக் கட்டி, மார்ச்சில் 400 கட்டினாள். கடைசியில் எல்லார் பெயரிலும் 4,800 நிற்கிறது. வசூலான கடன் வட்டி 5,286 ரூபாய். உங்கள் ஆப் ஆளுக்கு 440 ரூபாய் 50 காசு என்று போட்டுவிட்டது.

எங்கள் தீர்மானப் புத்தகத்தில் இருப்பது வேறு. ஒவ்வொரு மாதமும் நின்ற சேமிப்பைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை விகிதத்தில்தான் வட்டி. ஒழுங்காகக் கட்டியவருக்கு 400, 800, 1,200 என்று மார்ச் வரை கூட்டினால் 31,200. அந்தத் தங்கச்சிக்கு 4,400-ம் 4,800-ம் சேர்ந்து 9,200. குழு மொத்தம் 3,52,400. இதில் 5,286-ஐப் பங்கிட்டால் நூறுக்கு ஒன்றரை ரூபாய் வரும். அப்படியானால் 11 பேருக்கு ஆளுக்கு 468, அவளுக்கு 138. நான் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பேனாவில் போட்ட கணக்கு இது. வருடத்துக்கு 2,400 ரூபாய் வாங்கும் ஆப்புக்கு இது முடியாதா?

இதைக் கேட்கத்தான் திருச்சி அலுவலகத்துக்கு வந்தேன். மூன்று பஸ். தஞ்சாவூர் வரை மகளிருக்குக் கட்டணமில்லை, அதன்பிறகு கைக்காசு. பதினோரு மணிக்கு வந்தவளை மூன்றரை வரை உட்கார வைத்துவிட்டு, உங்கள் ஊழியர் நோட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் கேட்டார்: "ஏம்மா, இருபத்தேழு ரூபாய்க்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

ஆமாம், 27 ரூபாய் 50 காசுக்குத்தான். பதினோரு பேர் தலைக்கு அவ்வளவு குறைந்து, மொத்தம் 302 ரூபாய் 50 காசு ஒருத்தி பக்கம் போயிருக்கிறது. அவள்மேல் தப்பில்லை, கேட்காமல் வந்த பணம். ஆனால் அடுத்த கூட்டத்திலேயே, "நானும் இனி பிப்ரவரியில் சேர்த்துக் கட்டிக்கிறேன்க்கா" என்று இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். மாதாமாதம் சேமிப்பு வராவிட்டால் கடன் கொடுக்க ஏது பணம்? உங்கள் பட்டன் எங்கள் குழுவையே அழித்துவிட்டது.

சொல்ல மறந்தேன், முதலில் அந்தப் பக்கம் 5,286 என்று காட்டவே இல்லை. 5,926 என்றது. ஒரு அக்கா டிசம்பரில் வாங்கிய 8,000 கடனுக்கு நான்கு மாத வட்டி 640, வராமலே வந்ததாக எழுதியிருந்தது. தாளடி அறுத்துக் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் ஏறினால்தானே அவர் கட்டுவார்? ரொக்கப் புத்தகத்தோடும் வங்கிப் பாஸ்புக்கோடும் ஒப்பிட்டுப் பார்த்ததால் தப்பித்தோம். இல்லையென்றால் கையில் இல்லாத பணத்தைப் பங்கு போட்டிருப்பேன், என்னைத்தான் திருடி என்பார்கள். இதைப் போனில் சொன்னபோது "ஆப்பை அழித்து மறுபடி ஏற்றுங்க" என்றார் ஒருவர். ஏற்றினேன். ஜூன் மாத வரவு இரண்டு தடவை விழுந்தது.

உங்கள்மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் கிடையாது. மாத வரவு ஏற்றவும், கடன் தவணை பார்க்கவும் ஆப் வசதிதான், மறுக்கவில்லை. தயவுசெய்து மாத நிலுவைக் கூட்டுப்படி பிரிக்கும் வழியைச் சேருங்கள். வசூலான வட்டியையும் வரவேண்டிய வட்டியையும் தனித்தனியாகக் காட்டுங்கள். முடியாதென்றால் 2,400 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள். 15 நாளில் எழுத்தில் பதில் வராவிட்டால் 1915-இல் புகார் பதிந்துவிட்டு, தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். பன்னிரண்டு பேரும் வருவோம்.

அந்த ஊழியர் பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் அன்று வருகைப் பதிவேட்டில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், உங்களுக்குத் தெரிந்துவிடும். 27 ரூபாய் 50 காசு என்று அவரிடம் சரியாகச் சொல்லிவிடுங்கள். காசையும் விட்டுவிட்டார்.

இப்படிக்கு,
குழுப் பொருளாளர்

இணைப்பு: தீர்மானப் பக்க நகல், கையால் போட்ட பங்கீட்டுத் தாள், திருச்சி பஸ் டிக்கெட்டுகள்