இரு மின்னூட்டத் தகடுகள்: இயற்பியல் ஆசிரியர்களுக்கும் வினாத்தாள் அமைப்போருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே,

எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட இரு இணைத் தகடுகளின் நடுவே மின்புலம் 2σ/ε₀ என்று எழுதும் மாணவர், பெரும்பாலும் கூட்டலில் தவறவில்லை. கடத்திப் பரப்புக்கு நாம் சொல்லித்தரும் σ/ε₀ என்பதை ஒவ்வொரு தகட்டின் தனிப் பங்காக எடுத்து, இரண்டையும் கூட்டிவிடுகிறார். அந்த σ/ε₀-இல் எதிர்த்தகட்டின் பங்கு ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. இதைப் பாடத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

கரும்பலகையில் ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பாருங்கள். σ = 17.7 × 10⁻⁹ C/m² என்று வையுங்கள். ε₀ = 8.85 × 10⁻¹² என்பதால், தனியாக நிற்கும் ஒரு மெல்லிய தகடு இருபுறமும் தரும் புலம் σ/2ε₀ = 1000 N/C. இடப்பக்கத் தகடு நேர்மின்னூட்டம், வலப்பக்கத் தகடு எதிர்மின்னூட்டம் என்றால், நடுவே இரண்டின் அம்புக்குறிகளும் வலப்பக்கமே பார்க்கும். ஆகவே 2000 N/C. வெளியே அவை எதிரெதிராகி ஒன்றையொன்று அழித்துவிடும், புலம் சுழி. இரண்டும் நேர்மின்னூட்டம் என்றால் கதை தலைகீழ்: நடுவே சுழி, வெளியே இருபக்கமும் தகடுகளை விட்டு விலகும் திசையில் 2000 N/C. எண்ணைத் தொடும் முன் மூன்று பகுதிகளிலும் அம்புக்குறிகளை வரையச் சொல்லுங்கள். குறிப்பிழை அங்கேயே கண்ணில் பட்டுவிடும்.

விடையைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. எந்தத் தகட்டைக் கடந்தாலும் புலம் σ/ε₀ அளவு, இங்கே 2000, மாறியே ஆக வேண்டும். வலப்பக்கத்தை நேர் எனக் கொண்டால், ஒத்த மின்னூட்டத்தில் புலம் −2000, 0, +2000. எதிர் மின்னூட்டத்தில் 0, +2000, 0. தாவல் பொருந்தாவிட்டால் எங்கோ பிழை இருக்கிறது.

தகடு கடத்தியானால், σ என்பது ஒரு முகத்தின் அடர்த்தியா, தகட்டின் மொத்த மின்னூட்டத்தைப் பரப்பால் வகுத்ததா என்று வினாவில் எழுதிவிடுங்கள். தனித்த கடத்தித் தகட்டில் மின்னூட்டம் இரு முகங்களிலும் பாதிப்பாதியாக நிற்கும். எதிர் மின்னூட்டத் தகடு அருகே வந்தால் முழுதும் உள்முகத்துக்கு நகரும். ஒத்த மின்னூட்டமானால் வெளிமுகத்துக்குப் போகும். ஒரே தகட்டுக்கு ஒரு நூலில் σ/2ε₀, இன்னொன்றில் σ/ε₀ என்று வருவது இந்தக் குழப்பத்தால்தான்.

விசைக் கணக்கிலும் இதே சறுக்கல் நேர்கிறது. தகடு தன் புலத்தால் தன்னைத் தள்ளாது. மற்றதன் 1000 N/C மட்டுமே அதன்மீது செயல்படும். ஒரு சதுர மீட்டருக்கு விசை σ²/2ε₀ = 1.77 × 10⁻⁵ N. நடுவில் உள்ள 2000-ஐப் போட்டால் விடை இருமடங்காகிவிடும். இரு நிலைகளிலும் அளவு ஒன்றே. ஒன்றில் ஈர்ப்பு, மற்றதில் விலக்கம்.

"முடிவிலா" என்ற சொல்லையும் விளக்குங்கள். 20 செ.மீ. பக்கமுள்ள தகடுகள் 1 செ.மீ. இடைவெளியில் நின்றால், நடுப்பகுதிக்கு இந்த மதிப்புகள் நன்கு பொருந்தும், விளிம்பருகே பொருந்தாது. ஒத்த மின்னூட்டத் தகடுகளின் வெளிப்புலம் 2 மீட்டருக்கு அப்பாலும் மாறாமல் 2000 என்று எழுதினால் அது பிழை. அங்கே இரண்டும் சேர்ந்து ஒரு புள்ளி மின்னூட்டம் போலாகி, புலம் தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைந்திருக்கும்.

இப்படிக்கு,
இயற்பியல் கற்பிப்போர் சிலர்